ஜென்ம குருவை மாத வாரியாகப் பிரித்துப் பார்த்தது: ஒரு மிதுன ராசி ஜாதகம், பரல், கக்ஷ்யா, வேதை

பிறக்கும்போது சந்திரன் நின்ற ராசிக்கே குரு வரும் ஜென்ம குரு என்றதும், ராமர் வனவாசம் போனதைச் சொல்லும் பழம்பாட்டைக் காட்டி ஒரு வருடத்தையே கழித்துவிடுகிறார்கள். குரு ராசியை விட்டு ராசி மாறும் அந்த ஒரு வருடத்தில் எந்த மாதம் உண்மையிலேயே வறண்டது, எந்த மாதம் பலன் தரக்கூடியது என்று பிரிக்க கோசார விதிகளிலேயே வழி இருக்கிறது. அதைத்தான் ஒரு ஜாதகத்தை வைத்துக் கடைசிவரை போட்டுப் பார்த்தேன். பெயர்ச்சி, 2025 மே மாதம் குரு மிதுனத்துக்கு வந்தது. பாகைகளும் தேதிகளும் லகிரி அயனாம்சப்படி.

பயிற்சிக்கு எடுத்த ஜாதகம் இது: மகர லக்னம், சந்திரன் மிதுனத்தில் 8 பாகை, அதாவது திருவாதிரை. சூரியனும் புதனும் துலாத்தில், சுக்கிரனும் சனியும் விருச்சிகத்தில், செவ்வாய் கன்னியில், குரு மீனத்தில். நடப்பது சனி தசை. லக்னாதிபதி சனி பதினொன்றில் இருந்து தசை நடத்துகிறார் என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். தசை கொடுக்க நினைப்பதைக் கோசாரம் தள்ளிப்போடலாம், சுருக்கலாம், அடியோடு பறிக்காது. இந்த ஒரு வரியை எழுதாமல் குருப்பெயர்ச்சி பலன் பார்த்தால் பாதிக் கணக்குதான்.

அடுத்தது வேதை. ராசிக்கு 2, 5, 7, 9, 11 ஆகிய இடங்களில் குரு நல்லவர். அந்த நன்மையைத் தடுக்கும் வேதை ஸ்தானங்கள் முறையே 12, 4, 3, 10, 8. இரண்டில் குரு இருக்கும்போது பன்னிரண்டில் வேறு கிரகம் நின்றால் நன்மை நின்றுபோகும். இதையே திருப்பிப் போட்டு, பன்னிரண்டில் குரு இருக்கும்போது இரண்டில் கிரகம் நின்றால் கெடுதல் குறையும் என்று விபரீத வேதையும் பார்ப்பார்கள். இந்த ஐந்து ஜோடிகளையும் எழுதிப் பார்த்தால் ஒன்று தெரியும்: 1, 6 என்ற இரண்டு எண்களும் எதிலும் வரவில்லை. ஆக ஜென்ம குருவுக்கு வேதையும் இல்லை, விபரீத வேதையும் இல்லை. ‘சனி இந்த இடத்தில் நிற்பதால் ஜென்ம குருவின் கெடுதல் நீங்கியது’ என்று யாராவது சொன்னால், அது வேதை விதியிலிருந்து வந்த பேச்சல்ல. ஜென்ம குருவின் தன்மையைப் பிரித்துப் பார்க்க மிஞ்சும் நம்பகமான கருவி அஷ்டவர்க்கம்தான்.

குருவுக்கென்று தனியாகப் போடும் கட்டமான பின்னாஷ்டவர்க்கத்தில், ஏழு கிரகங்களும் லக்னமும் தரும் நல்ல புள்ளிகளான பரல் மொத்தம் 56. பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ராசிக்கு நாலரைக்குச் சற்று மேல் வரும். இங்கே முழுக் கட்டமும் போட வேண்டியதில்லை, மிதுனத்துக்கு யார் யார் பரல் தருகிறார்கள் என்று மட்டும் பார்த்தால் போதும். ஒவ்வொரு கிரகமும் தான் நின்ற ராசியிலிருந்து எண்ண வேண்டும். துலாத்துச் சூரியனுக்கு மிதுனம் ஒன்பதாவது; சூரியன் 1, 2, 3, 4, 7, 8, 9, 10, 11-இல் பரல் தருவார், எனவே உண்டு. துலாத்துப் புதனுக்கும் ஒன்பதாவது, உண்டு. கன்னிச் செவ்வாய்க்குப் பத்தாவது, உண்டு. மீன குருவுக்கு நாலாவது, உண்டு. மகர லக்னத்துக்கு ஆறாவது, உண்டு. விருச்சிகத்தில் நிற்கும் சுக்கிரன், சனி இருவருக்கும் மிதுனம் எட்டாவது. குருவின் வர்க்கத்தில் இருவருமே எட்டில் பரல் தருவதில்லை.

மிச்சம் சந்திரன். குருவின் வர்க்கத்தில் சந்திரன் பரல் தருவது தனக்கு 2, 5, 7, 9, 11-இல் மட்டும். கோசாரத்தில் குருவுக்கு நல்ல இடங்கள் என்று சொல்லும் அதே ஐந்து இடங்கள். தான் நின்ற ராசிக்குச் சந்திரன் ஒருபோதும் பரல் தராது. அதனால் எவர் ஜாதகமானாலும் ஜென்ம ராசியில் குருவுக்கு ஏழு பரலுக்கு மேல் வராது. ‘ஜென்ம குரு ஆகாது’ என்ற விதி எட்டில் ஒரு பங்குக் குரல். மீதி ஏழு பேரையும் கேட்க வேண்டும் என்பதுதான் அஷ்டவர்க்கத்தின் வேலை. இந்த ஜாதகத்தில் ஐந்து பேர் சரி என்கிறார்கள். சராசரிக்குச் சற்று மேல். மூன்றோ அதற்குக் கீழோ வந்திருந்தால் பழம்பாட்டு சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து பரல் என்பதோடு நிறுத்தினால் வருடம் முழுக்க ஒரே பலன் என்றாகிவிடும். எந்தப் பரல் எப்போது வேலை செய்யும் என்பதற்குத்தான் கக்ஷ்யா. ராசியின் 30 பாகையை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு 3 பாகை 45 கலை. வரிசை சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், லக்னம். குரு எந்தப் பங்கில் போகிறாரோ, அந்தப் பங்குக்கு உரியவர் அந்த ராசியில் பரல் கொடுத்திருந்தால் அந்த நாட்கள் பலன் தரும், இல்லையென்றால் வறட்சி.

மே 14-இல் மிதுனம் புகுந்த குரு மே கடைசி வரை சனியின் பங்கில். பரல் இல்லை. ஜூன் முழுக்கக் குரு, செவ்வாய் பங்குகள், இரண்டிலும் பரல் உண்டு. ஆனால் ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரை குரு சூரியனை நெருங்கி ஒளி மறையும் அஸ்தங்கம். ஜூன் 24 வாக்கில் சூரியனோடு ஒட்டிப் போகிறார். ஜென்மச் சந்திரனின் 8 பாகையைத் தாண்டுவதும் இதே நாட்களில். பரல் இருந்தும் கையில் சேராத மாதம் என்றே இதைக் குறித்தேன். ஜூலையில் சூரியன் பங்கு நன்று. ஜூலை மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை சுக்கிரன் பங்கு, வறண்டது. பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை புதன் பங்கு, நன்று. அடுத்து செப்டம்பர் நடு வரை சந்திரன் பங்கு.

22 பாகை 30 கலை முதல் 26 பாகை 15 கலை வரையான இந்தச் சந்திரன் பங்கு ஜென்ம குரு நடக்கும் எல்லோருக்குமே காலி. காரணம் மேலே சொன்னதுதான். பொதுப் பலன் சொல்லியே ஆக வேண்டும் என்றால், ஜென்ம குருவின் கடினமான பகுதி என்று விரல் வைத்துக் காட்டக்கூடியது இந்த 3 பாகை 45 கலை. இந்தப் பெயர்ச்சியில் வக்கிரத்தால் குரு இதை மூன்று முறை கடக்கிறார்: 2025 செப்டம்பரை ஒட்டி, 2026 ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு மாதம், மறுபடி ஏப்ரல் நடுவிலிருந்து ஒரு மாதம்.

பலரும் தடுக்கி விழும் இடம், குரு வேகமெடுத்து அடுத்த ராசிக்குள் போய்த் திரும்பும், நடுவில் வரும் அதிசாரம். 2025 அக்டோபர் 18-இல் குரு கடகம் புகுந்து டிசம்பர் 5-இல் மிதுனத்துக்குத் திரும்பினார். மிதுன ராசிக்கு இரண்டாமிடம், உச்ச ராசி, பன்னிரண்டாம் இடமான ரிஷபத்தில் வேதை செய்ய நிலையான கிரகம் யாரும் இல்லை. கடகத்துக்கு எண்ணிப் பார்த்தாலும் சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், சுக்கிரன், லக்னம் என ஆறு பரல். எல்லாம் பிரமாதமாகத் தெரியும். ஆனால் அந்த 48 நாளும் குரு கடகத்தில் ஒரு பாகையைக்கூடத் தாண்டவில்லை. நவம்பர் 11-இல் 0 பாகை 56 கலையிலேயே வக்கிரமாகித் திரும்பிவிட்டார். அதாவது அவர் நின்றது முழுக்கச் சனியின் பங்கில், சனியோ கடகத்துக்குப் பரல் தராதவர். ராசியை மட்டும் பார்த்துப் பெரிய பண வரவு சொன்னால் இங்கேதான் தவறும். கதவு தெரிந்தது, திறக்கவில்லை.

இந்த ஜாதகத்துக்கு அதிகம் பலன் தரும் காலம் எது என்று பார்த்தால் 2026 பிப்ரவரி இரண்டாம் வாரம் முதல் ஏப்ரல் இரண்டாம் வாரம் வரை. குரு மார்ச் 11 வாக்கில் 20 பாகை 51 கலையில் வக்கிர நிவர்த்தியாகிறார். நிவர்த்தியை ஒட்டி நகர்வு மிக மெதுவாக இருப்பதால் புதன் பங்கு ஒன்றிலேயே இரண்டு மாதம் நிற்கிறார். புதன் பரல் கொடுத்தவர். மகர லக்னத்துக்கு ஆறுக்கும் ஒன்பதுக்கும் உரியவர், துலாத்தில் பத்தாமிடத்தில் இருப்பவர். மிதுன குருவின் ஐந்தாம் பார்வையும் அந்தத் துலாத்தின் மேலேயே விழுகிறது. வேலையில் மாற்றம், கடன் அடைவது, மேலிருப்பவர் ஆதரவு என்று சொல்ல வேண்டியிருந்தால் இந்த இரண்டு மாதத்துக்குத்தான் சொல்வேன். ஒரு கிரகம் எந்தப் பங்கில் தேங்கி நிற்கிறது என்பதை வேகமாகத் தாண்டும் பங்குகளைவிட அதிகம் மதிக்க வேண்டும்.

மூர்த்தி நிர்ணயத்தையும் போட்டேன். பெயர்ச்சி நேரத்தில் சந்திரன் ஜென்ம ராசிக்கு 1, 6, 11-இல் இருந்தால் சுவர்ணம், 2, 5, 9 வெள்ளி, 3, 7, 10 தாமிரம், 4, 8, 12 லோகம். திருக்கணிதப்படி மே 14 பெயர்ச்சியில் சந்திரன் விருச்சிகத்தில். மிதுனத்துக்கு ஆறு, சுவர்ண மூர்த்தி. வாக்கியப் பஞ்சாங்கப்படி மே 11 பெயர்ச்சியில் சந்திரன் துலாத்தில்; ஐந்து, வெள்ளி. மூன்று நாள் வித்தியாசத்தில் பொன் வெள்ளியாகிறது. வேறு சில ராசிகளுக்கு இந்த வித்தியாசம் இதைவிட மோசம். கடக ராசிக்கு விருச்சிகம் ஐந்து, வெள்ளி; துலாம் நாலு, லோகம். ஆகவே மூர்த்தியைக் கடைசியில் ஒரு சிறு திருத்தமாக மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதுவும் பஞ்சாங்கத்தைக் கலக்காமல்.

2026 ஜூன் 2-இல் குரு மறுபடி கடகம் புகும்போது ஜென்ம குரு விட்டது என்று பெருமூச்சு விடுவார்கள். ஆறு பரல் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஜூன் நடு வரை சூரியன் ரிஷபத்தில், பன்னிரண்டில் நின்று வேதை செய்கிறார். அவர் விலகிய சில நாளில் செவ்வாய் ரிஷபம் வந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை அதே வேலையைத் தொடர்கிறார். பங்கு வரிசையிலும் முதலில் வருவது சனி, அடுத்தது குரு. இந்த ஜாதகத்தில் இருவரும் கடகத்துக்குப் பரல் தராதவர்கள், அதில் ஜூலை முதல் வாரம் கழிகிறது. செவ்வாய் பங்கிலும் சூரியன் பங்கிலும் பரல் உண்டு, ஆனால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை மீண்டும் அஸ்தங்கம். அது கழிந்து குரு வெளிவரும்போது கடகத்தில் 15 பாகையைத் தாண்டிச் சுக்கிரன் பங்கில் நிற்கிறார். சுக்கிரன் கடகத்துக்குப் பரல் கொடுத்தவர், ரிஷபத்தில் தடையும் இல்லை. இரண்டாமிடத்துக் குருவின் பலனை இந்த ஜாதகத்துக்கு ஆகஸ்ட் பிற்பாதியிலிருந்துதான் எழுதினேன்.