இலக்கு அடக்கவிலையில் கடைசி ஒரு பங்கு

புதிய பொருளின் அடக்கவிலையைக் கணக்கிட்டு, அதன் மேல் லாபம் சேர்த்து விலை சொல்வதுதான் செலவுக் கணக்குப் பிரிவில் நான் முதலில் பழகிய முறை. இலக்கு அடக்கவிலை முறையில் கணக்கு விலையிலிருந்து தொடங்குகிறது. சந்தை தரும் விலையிலிருந்து வேண்டிய லாபத்தைக் கழித்தால் மிஞ்சுவதே நாம் செலவழிக்கக்கூடிய தொகை.

நான் பணியாற்றிய ஒரு மின்கெட்டில் திட்டத்தைச் சொல்கிறேன். வாங்குபவர் கொடுக்கும் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், வரியும் விற்பனையாளர் பங்கும் போக எங்களுக்கு 70 வரும். அதில் 20 சதவீத லாபமான 14-ஐக் கழித்தால் 56, விற்பனை, நிர்வாகம், உத்தரவாதச் செலவுகளுக்கு 10 போனால் உற்பத்திக்கு 46. கையிலிருந்த வடிவமைப்போ 53 கேட்டது.

இந்த 7-ஐ எல்லா பாகங்களுக்கும் ஒரே விகிதத்தில் பிரித்துக் குறைக்கச் சொல்லும் யோசனை எப்போதும் எழும். அப்படிச் செய்தால் சூடேற்றும் தட்டும் தானாக அணையும் சுவிட்சும் மலிவாகும். வாங்குபவர் பணம் கொடுப்பதே அவற்றுக்காகத்தான். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் வாங்குபவர் தரும் மதிப்பையும் அதற்கு ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிப்பட்டையைக் கைவிட்டு உள்சுவரில் கோடுகள் பொறித்ததில் உடல்பாகத்தில் 2 குறைந்தது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையமும் கசிவுச் சோதனையும் தேவையற்றுப் போனதால் பொருத்தும் வேலையில் இன்னொரு 1 குறைந்தது. ஸ்பிரிங் மூடிக்குப் பதிலாக இழுத்துத் திறக்கும் மூடி 2, பெட்டி 1. மீதி ஒன்று அசையவே இல்லை.

அப்போதுதான் கணக்குத் தாளில் ஒரு மாயம் நடந்தது. உடல்பாக அச்சின் செலவு 1 லட்சம் கெட்டில்களுக்குப் பகிரப்பட்டு, ஒன்றுக்கு 3 என்று இருந்தது. யாரோ எண்ணிக்கையை 1.5 லட்சமாக்க, அது 2 ஆனது, இடைவெளியும் மறைந்தது. எந்தப் பாகமும் மாறாமல் செலவு மட்டும் குறைந்தால் அங்கே நின்று பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். எளிய சோதனை, எண்ணிக்கையைக் கீழே இறக்கிப் பார்ப்பது: விற்பனை 75,000 என்றால் அதே அச்சு ஒன்றுக்கு 4 கேட்கும், இலக்கு 2 பங்கு தவறும். கூடுதல் விற்பனைக்கு விற்பனைப் பிரிவு எழுத்தில் பொறுப்பேற்கவில்லை. எனவே நான் பழைய எண்ணிக்கையையே திரும்ப எழுதினேன். கூட்டத்தில் யாருக்கும் அது இனிக்கவில்லை.

இலக்கைத் தொடாத பொருளைச் சந்தைக்கு அனுப்பக்கூடாது என்பது இந்த முறையின் கண்டிப்பான விதி. அதைத் தளர்த்தினால் 46 என்பது வெறும் விருப்பமாகிவிடும். வெளியீட்டைத் தள்ளிவைத்தோம். ஏற்கெனவே உற்பத்தியிலிருந்த வேறொரு மாடலின் அடிப்பீட இணைப்பான் இதற்கும் பொருந்துமாறு தட்டின் துளைகளை வடிவமைப்பாளர்கள் நகர்த்திய பிறகே, அந்த ஒன்று உண்மையில் குறைந்தது.