ஐந்தரை மாதக் கணக்கு

அடித்தளக் குழியில் தண்ணீர் இறைக்க வாடகைக்கு எடுத்த பம்பைத் திருப்பி அனுப்பிய பிறகு வந்த கடைசி பில்லையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், வாடகையும் போக்குவரத்துமாக அதன் புது விலையில் 87 சதவீதத்தைக் கொடுத்திருக்கிறோம். இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் பம்பே நம்முடையது ஆகியிருக்குமே என்று அலுவலகத்தில் பலர் சொன்னார்கள். கணக்குப் பிரிவு மேடம் மட்டும் எதுவும் சொல்லாமல் பில்லில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். வாங்கிவிடலாமே என்று முதலில் சொன்னவர் அவர்தான். வாடகைக்கு எடுத்தது தவறு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. ஆனால் அன்று அவர் கேட்ட ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பம்பின் புது விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். அடித்தளக் குழியில் ஊறும் தண்ணீரை இறைக்க டீசலில் ஓடும் 6 அங்குலப் பம்பு அது. அட்டவணைப்படி 16 வாரம் தேவை. டீசல் செலவு எந்த வழியில் போனாலும் ஒன்றுதான். அவசரத்துக்கு என்று கூடவே நிற்கும் ஸ்டாண்ட்பை பம்பை எப்படியும் வாடகைக்குத்தான் எடுக்கப்போகிறோம் என்பதால் அதையும் ஒதுக்கிவிட்டோம்.

வாடகைப் பட்டியலில் மாதத்துக்கு 6 என்று போட்டிருந்தது. நான்கு மாதத்துக்கு 24, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அதைப் பார்த்தவுடன் தோன்றும். பல வாடகை ஒப்பந்தங்களைப் போலவே இதிலும் மாதம் என்றால் 28 நாள். அதனால் ஓர் ஆண்டுக்கு 13 வாடகை மாதங்கள் வரும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த 6 என்பது நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டுவதற்கான வாடகை. இரண்டு ஷிப்ட் ஓட்டினால் ஒன்றரை மடங்கு, மூன்று ஷிப்ட் ஓட்டினால் இரண்டு மடங்கு. எவ்வளவு ஓடியது என்பதை இயந்திரத்தில் இருக்கும் ஹவர் மீட்டர் காட்டிவிடும். குழியில் ஊறும் தண்ணீர் ராத்திரி ஆனால் நிற்கப்போவதில்லை, ஆகவே எங்களுக்கு மாதம் 12. பதினாறு வாரத்துக்கு 48, கொண்டுவந்து திருப்பி அனுப்ப 3, மொத்தம் 51. ஆயில், ஃபில்டர் மாற்றுவதும் பழுது பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு.

மேடம் போட்ட கணக்கு வேறு. 100 கொடுத்து வாங்கி, நான்கு மாதம் ஓட்டி, 65-க்கு விற்றுவிட்டால் இழப்பு 35 மட்டுமே. பராமரிப்பையும் முடங்கிய பணத்துக்கான வட்டியையும் சேர்த்தாலும் 44 தான் வரும், வாடகையைவிட 7 குறைவு. நான்கு மாதமே ஆன பம்பை 65-க்கு யார் வாங்க மாட்டார்கள் என்று கேட்டார்.

இங்கேதான் நான் மறித்துப் பேசினேன். பழைய பம்பை வாங்க வருகிறவர் அது வாங்கப்பட்ட தேதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். நேராக ஹவர் மீட்டரைத்தான் பார்ப்பார். இரவு பகலாக 16 வாரம் ஓடினால் 2,700 மணியை நெருங்கிவிடும். ஒரே ஷிப்டில், வாரத்துக்கு ஆறு நாள் ஓடும் இயந்திரம் ஓர் ஆண்டு முழுக்க ஓடினாலும் 2,500 மணிதான் ஆகும். ஆக, மேடம் நான்கு மாதப் பம்பு என்று சொல்வது, வாங்குகிறவர் கண்ணுக்கு ஓர் ஆண்டைத் தாண்டிய பம்பு. போதாததற்கு எங்கள் குழியில் மணல் கலந்த தண்ணீர். மணல், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் விளிம்பைத் தேய்க்கும், தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலைக் கெடுக்கும். வாங்க வருகிறவர் மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் 45-க்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்றேன். 250 மணிக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும் என்பதால் 16 வாரத்தில் பத்து முறை வரும், அதற்கு 6. வட்டி 3. இழப்பு 55-ஐயும் சேர்த்தால் வாங்குவதற்கான செலவு 64. வாடகையோ 51.

மேடம் 65-ஐ விட்டுக்கொடுத்தார். ஹவர் மீட்டர் விஷயம் நியாயம் என்று ஒப்புக்கொண்டு, தாளில் 45 என்று திருத்தினார். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "சரி, நாலு மாசம்னு எதை வச்சு சொல்றீங்க? ஆறு ஆகாதுன்னு உறுதியா சொல்ல முடியுமா?"

"அட்டவணையில நாலு மேடம். தள்ளிப்போனாலும் ஒரு மாசத்துக்கு மேல போகாது" என்றேன்.

ஐந்துக்கும் போட்டுப் பார்த்தோம். வாடகை 63, வாங்கினால் 68. அப்போதும் வாடகைதான் மலிவு. வாடகை மாதத்துக்கு 12 ஏறும். வாங்கிய பம்பின் செலவு அதன் பிறகு மாதத்துக்கு 4-க்குக் கொஞ்சம் மேல்தான் ஏறும், ஏனென்றால் பெரிய இழப்பு புதுப் பம்பு பழைய பம்பு ஆகும்போதே விழுந்துவிடுகிறது. இரண்டும் சமமாவது ஐந்தரை மாதத்துக்குக் கொஞ்சம் மேலே. அதையும் தாளில் குறித்து வைத்தோம். மேடம் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, சரி, வாடகைக்கே எடுங்கள் என்றார்.

பம்பு ஏழு வாடகை மாதம் ஓடியது. கட்டடத்தைத் தாங்க நிலத்துக்குள் இறக்கும் தூண்களான பைல்களில் இரண்டு சோதனையில் தேறவில்லை. கூடுதல் பைல் போட்டு, அடித்தள வரைபடத்தைத் திருத்தி, ஒப்புதல் வாங்கி வருவதற்குள் குழி திறந்தே கிடந்தது. ஏழு மாதத்துக்கு வாங்கும் கணக்கு 77. நாங்கள் கொடுத்தது 87.

நடுவில் ஏன் வாங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பதினான்காம் வாரத்தில் வேலை தள்ளிப்போகும் என்று தெரிந்ததும் கணக்கைத் திரும்பவும் போட்டேன். கொடுத்து முடித்த வாடகை திரும்பி வராது, ஆகவே மீதியுள்ள காலத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும். நான்காம் மாத முடிவில் இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று முழுதாகவே தெரிந்திருந்தாலும், வாடகை 36 ஆகும். அந்த மூன்று மாதத்துக்காகப் புதிதாக வாங்கி விற்றால் 60 ஆகும். இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால்தான் வாங்குவது கட்டுப்படியாகும். எங்களுக்குச் செய்தி மொத்தமாகவும் வரவில்லை. முதலில் நான்கு வாரம் என்றார்கள், பிறகு இன்னும் நான்கு, பிறகு மறுபடியும் நான்கு. ஒவ்வொரு முறையும் வாடகையை நீட்டிப்பதுதான் மலிவாக இருந்தது. ஒவ்வொரு முடிவும் சரியாக இருந்து, எல்லாம் சேர்ந்து 10 அதிகமாக வந்து நிற்பதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த 10-ஐயும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். 77 என்பது நடக்காத ஒரு விற்பனையை நம்பிய எண். ஏழு மாதம் ஓடி 4,700 மணி காட்டும் பம்புக்கு 39 வரும் என்று வைத்ததால்தான் 77. 30 தான் கிடைத்தது என்றால் 86 ஆகி, வித்தியாசமே இல்லாமல் போகும். யார்டில் வாங்க ஆள் வராமல் மாதக்கணக்கில் நின்றால் வாடகையையும் தாண்டிவிடும். அதோடு, ஐந்தாம் மாதத்தில் ஓர் இரவு சீல் போய் ஷாஃப்ட் பக்கமாகத் தண்ணீர் கொட்டியது. ஸ்டாண்ட்பை பம்பைப் போட்டுச் சமாளித்தோம். மறுநாள் மதியத்துக்குள் வாடகை நிறுவனம் வேறு பம்பைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பழையதை எடுத்துப் போனது. சொந்தப் பம்பு என்றால் சீல் வந்து சேரும்வரை மாற்று இல்லாமல் ஒரே பம்பை நம்பி நின்றிருப்போம். இந்த நிம்மதிக்கு வாங்கும் கணக்கில் நான் எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் வாடகைப் பக்கம் இன்னும் வலுவாகியிருக்கும்.

இப்படிச் சொல்லி முடித்ததும் மேடத்தின் கேள்வி திரும்ப வந்துவிடுகிறது. இரண்டு பக்கத்திலும் தெரியாத எண் ஒவ்வொன்று இருந்தது: வாங்கினால் என்ன விலைக்கு விற்கும், வாடகை என்றால் எத்தனை மாதம் ஓடும். விற்பனை விலையைச் சொன்னவர் அவர், மாதங்களைச் சொன்னது நான். அவருடைய 65-ஐ ஹவர் மீட்டர், மணல், இம்பெல்லர் என்று துருவி 45-க்கு இறக்கினேன். என்னுடைய 4-ஐ அதே அளவு துருவினேனா? நிலத்துக்கு அடியில் நடக்கும் வேலைகள் தள்ளிப்போவது எங்கள் தொழிலில் யாருக்கும் புதிதல்ல. பைல் சோதனை தேறாமல் போகலாம் என்பதால்தானே சோதனையே வைக்கிறோம். ஆனால் அந்த இரண்டு பைல்களும் தேறாது என்று முன்கூட்டியே யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆறு மாதம் ஆகலாம் என்று நான் சொல்லியிருந்தால், அட்டவணையை நீங்களே நம்பவில்லையா என்ற கேள்வி வேறு இடத்திலிருந்து வந்திருக்கும். இதில் எந்த வாதம் நியாயம், எது என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வது என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இப்போது அடுத்த வேலைக்கு 20 வாரம் என்று அட்டவணை வந்திருக்கிறது. ஐந்து வாடகை மாதம், அந்த வட்டம் போட்ட எண்ணுக்கு மிக அருகில். இந்த முறை காலத்தை ஒற்றை எண்ணாக எழுதாமல், குறைந்தது, பெரும்பாலும், மோசமாகப் போனால் என்று மூன்றாக எழுதிக் கொடுத்தேன்: 5, 6, 9. ஒன்பதுக்குப் போட்டால் வாடகை 111 வருகிறது, பம்பின் விலையையே தாண்டுகிறது. அதனால் வாடகை ஒப்பந்தத்திலேயே வாங்கும் உரிமையையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். முதல் மூன்று மாதத்துக்குள் வாங்க முடிவு செய்தால், கட்டிய வாடகையில் பெரும் பகுதியை விலையில் கழித்துக்கொள்வார்கள். அதற்கு மாதம் 12-க்குப் பதில் 13 கேட்கிறார்கள்.

போன முறை இந்த உரிமை இருந்திருந்தாலும் உதவியிருக்காது. வேலை தள்ளிப்போகும் செய்தி வந்ததே பதினான்காம் வாரத்தில், மூன்று வாடகை மாதம் பன்னிரண்டாம் வாரத்தோடு முடிந்துவிடும். இதை மேடத்திடம் சொன்னேன். அப்படியானால் உரிமையை ஐந்து மாதத்துக்கு நீட்டிக் கேளுங்கள், 13-க்குப் பதில் 13.5 ஆனாலும் பரவாயில்லை என்கிறார். அட்டவணைப்படி ஐந்து மாதத்திலேயே குழியை மூடிவிட்டால் அந்தக் கூடுதல் பணம் முழுக்க வீண்தானே என்று நான் சொல்கிறேன். ஒப்பந்தம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.