இரண்டு தலைவலிகளைப் பிரித்தறிந்த எட்டு வாரங்கள்

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எனக்கு வந்துகொண்டிருந்த தலைவலியை நான் டென்ஷன் தலைவலி என்றே நம்பியிருந்தேன். அவ்வாறு நம்புவதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன. வலி பெரும்பாலும் பிடரியில் தொடங்கியது; தலையின் இரு பக்கமும் பரவியது; வேலை நெருக்கடி மிகுந்த நாட்களை ஒட்டியே வந்தது. ஒற்றைத் தலைவலி என்றால் பெயருக்கேற்ப ஒரு பக்கம் மட்டும்தானே வலிக்க வேண்டும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்பதும், எனக்கு வந்துகொண்டிருந்தது ஒரு தலைவலி அன்று, இரண்டு என்பதும் ஒரு குறிப்பேட்டை எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது.

நான் கடைசியாகச் சென்று பார்த்த நரம்பியல் மருத்துவர் முதலில் ஆபத்தின் அறிகுறிகள் இருக்கின்றனவா என்று கேட்டார். நொடிப்பொழுதில் உச்சத்தைத் தொடும் திடீர் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலி ஆகியவை இருந்தால் குறிப்பேடு எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாது, உடனே பரிசோதிக்க வேண்டும் என்றார். எனக்கு அவற்றில் எதுவும் இல்லை. நரம்புப் பரிசோதனையிலும் குறை ஏதும் தெரியவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்த எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. இந்த இரு தலைவலிகளையும் பிரித்துக் காட்டும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ கிடையாது; வலி எப்படிப்பட்டது, எவ்வளவு நேரம் இருக்கிறது, கூடவே என்னென்ன வருகின்றன என்ற மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லி, எட்டு வாரங்களுக்குக் குறிப்பு எழுதி வரச் சொன்னார்.

முதல் வாரத்தில் நான் எழுதியவை எதற்கும் உதவவில்லை. "கடுமையான வலி", "பரவாயில்லை", "மாலை வரை இருந்தது" என்றே எழுதியிருந்தேன். தொலைபேசியில் கேட்டபோது, வலியைப் பெயரடைகளால் எழுத வேண்டாம், அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்று எழுதுங்கள் என்றார். அந்த ஒரு திருத்தத்துக்குப் பிறகு குறிப்பேடு பேசத் தொடங்கியது.

ஒன்பதாம் நாள் குறிப்பு இது. மாலை 4 மணிக்கு நெற்றியிலும் பிடரியிலும் ஒரு பட்டையைக் கட்டி இறுக்கியது போன்ற அழுத்தம் தொடங்கியது, துடிப்பு இல்லை. பத்துக்கு நான்கு என்று மதிப்பிட்டேன். வேலையை நிறுத்தவில்லை. மாடிப்படி ஏறினேன், வலி கூடவில்லை. விளக்கு வெளிச்சம் சற்று உறுத்தியது, ஆனால் பக்கத்தில் நடந்த பேச்சும் சிரிப்பும் தொல்லையாகத் தோன்றவில்லை. இரவு வழக்கம்போல் சாப்பிட்டேன். கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசையை விரலால் அழுத்தியபோது நன்றாக வலித்தது. இரவு 9.30 மணிக்கு மாத்திரை இல்லாமலே வலி அடங்கியது. மொத்தம் ஐந்தரை மணி நேரம்.

இருபத்து மூன்றாம் நாள் குறிப்பு வேறு வகையானது. முந்தைய நாள் மாலையே காரணமில்லாமல் கொட்டாவி வந்துகொண்டிருந்தது. காலையில் பிடரி விறைப்போடு எழுந்தேன். 8.30 மணிக்கு இரு நெற்றிப்பொட்டுகளிலும் வலி தொடங்கி, பத்து மணிக்குள் நாடி அடிப்பதைப் போல விண் விண் என்று தெறிக்கத் தொடங்கியது. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோது அந்தத் தெறிப்பு இரட்டிப்பானது. படியேறும்போது ஒவ்வோர் அடியும் தலைக்குள் இடித்தது. குமட்டல் இருந்தது, வாந்தி இல்லை. மதிய உணவைத் தொடவில்லை. திரைச்சீலையை மூடினேன், அடுத்த அறையில் ஓடிய தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னேன். மூன்று மணிக்குத் தூங்கிப்போனேன்; மறுநாள் காலை ஆறு மணிக்கு விழித்தபோது வலி இல்லை. காலநேரம் என்ற கட்டத்தில் ஆறரை மணி நேரம் என்று எழுதியிருந்தேன்.

இந்த இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் மருத்துவர் விளக்கினார். உலகத் தலைவலி வல்லுநர்கள் பின்பற்றும் வகைப்பாட்டின்படி, ஒற்றைத் தலைவலிக்கு நான்கு வலிப் பண்புகளில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: ஒரு பக்கம் வருதல், துடிப்பு, நடுத்தரம் அல்லது கடுமையான வலி, நடப்பது படியேறுவது போன்ற சாதாரண அசைவால் கூடுதல். என்னுடைய இருபத்து மூன்றாம் நாள் வலி இரு பக்கமும் இருந்தாலும், மற்ற மூன்றும் அதில் இருந்தன. ஆகவே ஒரு பக்கம் என்பது நான்கில் ஒன்றுதான், கட்டாய நிபந்தனை அன்று. டென்ஷன் தலைவலியின் பண்புகள் ஏறத்தாழ இதன் எதிர்ப்பக்கம்: இரு பக்கமும் வருதல், அழுத்தும் அல்லது இறுக்கும் தன்மை, லேசான அல்லது நடுத்தர வலி, அசைவால் கூடாமை. நடுத்தர வலி இரண்டு பட்டியலிலும் இருப்பதால், எவ்வளவு வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடிவதில்லை.

உடன்வரும் அறிகுறிகளில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அவ்வப்போது வரும் டென்ஷன் தலைவலியில் குமட்டலோ வாந்தியோ இருக்கக் கூடாது. வெளிச்சக் கூச்சம், ஒலிக் கூச்சம் ஆகிய இரண்டில் ஏதாவது ஒன்று மட்டும் இருக்கலாம். ஒற்றைத் தலைவலிக்குக் குமட்டல் அல்லது வாந்தி இருக்க வேண்டும், அல்லது வெளிச்சமும் ஒலியும் இரண்டுமே தாங்க முடியாமல் இருக்க வேண்டும். ஒன்பதாம் நாள் வெளிச்சம் உறுத்தியதே என்று நான் கேட்டபோது, ஒலி உறுத்தவில்லையே என்றார். அந்த "இரண்டில் ஒன்று", "இரண்டும்" என்ற வேறுபாட்டை நான் அதுவரை எங்கும் கவனித்ததே இல்லை. வெளிச்சம் கூசுகிறதா என்று என்னிடம் வாயால் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். திரைச்சீலையை மூடியதைக் கூச்சம் என்று நான் எண்ணவில்லை.

பிடரி வலியைப் பற்றியும் கேட்டேன், ஏனெனில் என் பழைய நம்பிக்கை முழுவதும் அதன்மேல்தான் நின்றிருந்தது. ஒற்றைத் தலைவலியிலும் பிடரி வலி மிகவும் சாதாரணம் என்றார். கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் நரம்புகளும் முகத்துக்கும் மூளை உறைக்கும் செல்லும் முக்கிளை நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், ஒன்றின் வலி மற்றொன்றின் இடத்தில் உணரப்படுகிறது. கொட்டாவியும் கழுத்து விறைப்பும் வலிக்கு முந்தைய கட்டத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம். மன அழுத்தமும் அப்படியே: அது இரண்டு தலைவலிகளையும் தூண்டக்கூடியது. பெயரில் "டென்ஷன்" இருப்பதால் டென்ஷனால் வரும் எல்லாத் தலைவலியும் அதுவாகிவிடாது. ஒரு பெயரில் "ஒற்றை", மறு பெயரில் "டென்ஷன்" என்று இரண்டு பெயர்களும் சேர்ந்து என்னை இரண்டு ஆண்டுகள் ஏமாற்றியிருந்தன.

கால அளவுதான் நான் நினைத்ததைவிட மிகக் குறைவாக உதவியது. ஒற்றைத் தலைவலி சிகிச்சை இல்லாமல் விட்டால் பெரியவர்களுக்கு 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். டென்ஷன் தலைவலி 30 நிமிடம் முதல் 7 நாள் வரை நீடிக்கலாம். இரண்டும் இவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிவதால் ஐந்தரை மணி நேரம் என்ற எண் தனியாக எதையும் சொல்வதில்லை. மாத்திரை எதுவும் போடாமலே ஒரு மணி நேரத்தில் போய்விடும் வலியோ, ஐந்து நாள் ஒரே சீராக நிற்கும் வலியோ என்றால்தான் கால அளவு தெளிவாக ஒரு பக்கம் சாயும். ஆனாலும் என் குறிப்பில் ஒரு பிழையை அவர் திருத்தினார். ஒற்றைத் தலைவலியோடு தூங்கிப்போய் வலியின்றி விழித்தால், விழித்த நேரம் வரை கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே 8.30 முதல் மறுநாள் ஆறு மணி வரை, இருபத்தொன்றரை மணி நேரம். முன்பும் சில கடும் வலிகளை நான் தூங்கிப்போன நேரத்தோடு நிறுத்தி, "மூன்று மணி நேரம்தான்" என்று அலட்சியமாகச் சொல்லியிருக்கிறேன்.

முப்பத்தேழாம் நாள் குறிப்பு மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. அன்று அழுத்தமாகத் தொடங்கிய வலிக்கு நாற்பதாவது நிமிடத்திலேயே மாத்திரை போட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. முற்றுவதற்கு முன் அடக்கப்பட்ட ஒற்றைத் தலைவலி, டென்ஷன் தலைவலியைப் போலவே தோற்றமளிக்கும் என்பதால் அந்த வரிக்கு எதிரே கேள்விக்குறி மட்டும் போட்டு விட்டுவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. எட்டு வாரங்களில் எனக்குத் தலைவலி வந்த நாட்கள் மொத்தம் பத்தொன்பது. அவற்றில் ஆறு நாட்கள் மட்டுமே ஒற்றைத் தலைவலி, நான்கு முறைகளாக வந்தவை. உறுதியாகச் சொல்ல வாழ்நாளில் குறைந்தது ஐந்து முறை வந்திருக்க வேண்டும் என்பதால், முந்தைய ஆண்டில் வாந்தி எடுத்துப் படுத்த இரண்டு நாட்களையும் விசாரித்துச் சேர்த்துக்கொண்டார்.

குறிப்பேட்டின் கடைசிக் கட்டம் நான் எதிர்பாராத செய்தியைச் சொன்னது. காஃபின் கலந்த கூட்டு வலி மாத்திரையை முதல் மாதத்தில் பதினொரு நாட்கள் போட்டிருந்தேன். அதற்கு முன்பும் அப்படித்தான். கூட்டு மாத்திரைகளையும் ஒற்றைத் தலைவலிக்கென்றே தரப்படும் டிரிப்டான் வகை மருந்துகளையும் மாதத்துக்குப் பத்து நாட்களோ அதற்கு மேலோ, சாதாரண ஒற்றை மருந்து மாத்திரைகளைப் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியைப் பெருக்கிவிடக்கூடும் என்று எச்சரித்தார். கூட்டு மாத்திரையை நிறுத்தினேன். இறுக்கும் வலிக்குச் சாதாரண பாராசிட்டமால், அதுவும் வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் வேண்டாம்; தெறிக்கும் வலிக்கு டிரிப்டான், அது தொடங்கிய உடனே. இதய நோய் உள்ளவர்களுக்கு டிரிப்டான் ஆகாது என்பதால் அதைப் பற்றி விசாரித்த பிறகே எழுதிக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு காலையில் மறுபடியும் பிடரி விறைப்போடு எழுந்தேன். எந்த மாத்திரை என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரு பக்கமும் மெல்ல வலி தொடங்கியபோது, செருப்பை மாட்டக் குனிந்தேன், விண்ணென்று தெறித்தது. டிரிப்டானை விழுங்கிவிட்டு, குறிப்பேட்டில் நேரத்தை எழுதினேன்: 7.10.