8 சதவீத லாபம், 11 லட்சம் நஷ்டம்

வாடிக்கையாளர்களின் பணத்தைப் பங்குகளில் போட்டு நிர்வகிக்கும் பிஎம்எஸ் நிறுவனம் ஒன்றில், அவர்களுக்கு வருடக் கணக்கு அனுப்பும் பிரிவில் இருந்தேன். ஏப்ரல் மாதம் முதல் வாரம் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படி ஒரு நாளில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் போன் செய்தார். "தம்பி, நான் போட்டது 2 கோடி, இப்ப இருக்கிறது 1 கோடியே 89 லட்சம். நீங்க 8 சதவீதம் லாபம்னு அச்சடிச்சு அனுப்பியிருக்கீங்களே?"

தப்பான ஃபைல் போய்விட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

நடந்தது இதுதான். ஏப்ரல் 1 அன்று அவர் 50 லட்சம் போட்டார். செப்டம்பர் முடிவில் அது 20 சதவீதம் ஏறி 60 லட்சம் ஆனது. அக்டோபர் 1 அன்று நிலம் விற்ற பணம் 1.5 கோடியைச் சேர்த்தார், மொத்தம் 2.1 கோடி. அடுத்த ஆறு மாதத்தில் சந்தை இறங்கி, 10 சதவீதம் போய், மார்ச் 31 அன்று 1.89 கோடியில் நின்றது. டைம் வெயிட்டட் முறையில் பணம் உள்ளே வரும் நாளில் வருடத்தை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் பணம் எத்தனை மடங்கானது என்று பார்த்து இரண்டையும் பெருக்குவோம்: 1.20 × 0.90 = 1.08. அதுதான் அந்த 8 சதவீதம். எந்தத் துண்டில் எவ்வளவு பணம் இருந்தது என்பதை இந்த முறை பார்ப்பதே இல்லை.

ஆனால் பெரியவரின் பணத்தில் பெரும்பகுதி ஏற்றத்தைப் பார்க்கவே இல்லை, இறக்கத்தை மட்டும்தான் பார்த்தது. 50 லட்சம் 10 லட்சம் சம்பாதித்தது, 2.1 கோடி 21 லட்சத்தை இழந்தது, மிச்சம் 11 லட்சம் நஷ்டம். இதைச் சொல்வதுதான் மணி வெயிட்டட் ரிட்டர்ன். எக்ஸெலில் A நெடுவரிசையில் தேதி, B நெடுவரிசையில் தொகை. போட்டதெல்லாம் மைனஸ், கடைசி மதிப்பு பிளஸ்.

```
=XIRR(B2:B4,A2:A4)
```

மைனஸ் 8.7 சதவீதம் வந்தது. எக்ஸெல் இல்லாமலும் ஏறக்குறைய சரிபார்க்கலாம்: 50 லட்சம் வருடம் முழுக்க இருந்தது, 1.5 கோடி பாதி வருடம்தான், அதனால் அதை 75 லட்சமாக எடுத்துக்கொண்டால் சராசரியாக வேலை செய்த பணம் 1.25 கோடி. அதில் 11 லட்சம் நஷ்டம் என்றால் 8.8 சதவீதம். 2 கோடியால் வகுத்து 5.5 சதவீதம் என்று பெரியவர் வீட்டில் போட்டு வைத்திருந்த கணக்கு நஷ்டத்தைக் குறைத்துத்தான் காட்டியது, ஏனென்றால் அந்த 1.5 கோடி முழு வருடமும் இங்கே இல்லை.

பிஎம்எஸ் நிறுவனங்கள் தங்கள் செயல்பாட்டை டைம் வெயிட்டட் முறையில்தான் காட்ட வேண்டும் என்று செபியின் 2020 விதிமுறை சொல்கிறது. நியாயம்தான், பணம் எப்போது வரும் என்பது ஃபண்ட் மேனேஜர் கையில் இல்லை, அதற்காக அவருக்கு மார்க் குறைக்கக் கூடாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பணம் வந்த நாளின் மதிப்பு சரியாக இருக்க வேண்டும். ஒருமுறை ஒருவரின் பணம் 12ஆம் தேதி வந்திருக்க, மாதக் கடைசி மதிப்பை வைத்தே வெட்டிவிட்டோம். இடையில் வந்த பணமும் லாபம் போலக் கணக்கில் ஏறிவிட்டது. அதே திட்டத்தில் நடுவில் பணம் சேர்க்காத இன்னொருவரின் கணக்கைப் பக்கத்தில் வைத்தபோதுதான் பிடிபட்டது. ஒரே பங்குகள், ஒரே விகிதம் என்றால் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே டைம் வெயிட்டட் எண்தான் வரவேண்டும்.

சரி, பெரியவரிடம் இதையெல்லாம் தாளில் எழுதி நேரில் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கேட்டார்: "புரியுது தம்பி. மேனேஜர் மேல தப்பில்ல. ஆனா செப்டம்பர் கடைசியில, 20 சதவீதம் ஏறியிருக்கு, இன்னும் போடுங்கன்னு உங்க ஆபீஸ்ல இருந்துதானே போன் வந்துச்சு?"

வந்திருந்தது. பணம் எப்போது வரும் என்பது எங்கள் கையில் இல்லை என்று நான் பத்து நிமிடமாகச் சொன்னது மேனேஜருக்குப் பொருந்தும், நிறுவனத்துக்குப் பொருந்தாது. நேரத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர்கள் நாங்கள் என்றால் அந்த மைனஸ் 8.7 எங்கள் மார்க்தான்.

அந்த வருடமே வருடக் கணக்கில் இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் போட வேண்டும் என்று கேட்டேன், லாப நஷ்டம் ரூபாயிலும். மேலே இருந்தவர்கள் வாடிக்கையாளர் குழம்புவார் என்றார்கள். கடைசியில் மணி வெயிட்டட் எண் இரண்டாம் பக்கத்தில், சின்ன எழுத்தில் வந்தது. நடுவில் பணம் சேர்த்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பக்கத்தை நானே போனில் படித்துக் காட்டினேன்.