ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்கலாமா, சார்?

நான் ஆடிட்டராக இருந்து விலகிய ஒரு கம்பெனியின் பொறுப்பை ஏற்கவிருந்த புதிய ஆடிட்டர், ஆட்சேபணை உண்டா என்று கேட்டு எழுதியிருந்தார். அதற்கான பதில் கடிதத்தில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று நான் எழுதவில்லை. ஆட்சேபணை உண்டு என்றும் எழுதவில்லை. ‘விலகியதற்கான காரணங்கள் ஏடிடி-3 படிவத்தில் உள்ளன. பொறுப்பை ஏற்பதற்கு முன் அதைப் படித்துப் பார்க்கவும். கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதம் கிடைத்தால் எங்கள் கோப்புகளைக் காட்டி விளக்கத் தயார்’ என்று மட்டும் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏடிடி-3 என்பது ஆடிட்டர் தன் ராஜினாமாவையும் அதன் காரணத்தையும் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வாசகங்கள் மனதை விட்டுப் போகவில்லை.

விஷயம் சரக்கு இருப்பு சம்பந்தப்பட்டது. பின்னலாடைத் துணி நிட்டிங் செய்யும் பிரைவேட் லிமிடெட். சொந்தமாக நூல் வாங்கித் துணி ஓட்டி விற்பார்கள். வெளி பார்ட்டிகள் கொடுக்கும் நூலைக் கூலிக்கு ஓட்டித் தரும் ஜாப் ஒர்க்கும் செய்வார்கள். பேங்கில் எட்டுக் கோடி கடன் லிமிட். 2023 மார்ச் 31 கணக்கெடுப்புக்கு நானே குடோனுக்குப் போயிருந்தேன். சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளில் பாதிக்கு மேல் மார்க்கர் பேனாவால் பார்ட்டி பெயர் எழுதியிருந்தது. ஒரு மூட்டையைப் பிரித்துக் கோனை எடுத்துப் பார்த்தால், இந்தக் கம்பெனிக்கு அந்த வருஷம் ஒரு பில்கூடப் போடாத மில்லின் லேபிள். நூல் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பேங்குக்குப் போன ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் அதுவும் சொந்தச் சரக்காக ஏறியிருந்தது. கணக்குப் புத்தகத்தில் 4.10 கோடி, ஸ்டேட்மெண்டில் 6.40 கோடி. கடனாளிகளையும் சப்ளையர் பாக்கியையும் தள்ளிவைத்துச் சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, 25 சதவீத மார்ஜின் கழித்தால்கூட ஒன்றே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவாக, எடுக்கக்கூடாத பணத்தை எடுக்க வழி கிடைத்துவிடுகிறது.

இது அதோடு நின்றிருந்தால் நான் விலகியிருக்க மாட்டேன். ஐந்து கோடிக்கு மேல் லிமிட் இருந்தால், பேங்குக்குக் கொடுத்த காலாண்டு அறிக்கை புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஆடிட் அறிக்கைக்கான மத்திய அரசின் உத்தரவான காரோ 2020 கேட்கிறது. ஒத்துப்போகவில்லை, வித்தியாசம் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். எழுதத்தான் போகிறேன் என்று தெரிந்ததும் அவர்கள் ஸ்டேட்மெண்டைத் திருத்தவில்லை, புத்தகத்தைத் திருத்தினார்கள். ஜூன் மாதம் வந்த ட்ரையல் பேலன்ஸில் இறுதி இருப்பு 6.40 கோடி. இப்போது இரண்டும் ஒத்துப்போகிறது! காரோ கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்லிவிடலாம். லாபம் மட்டும் 2.30 கோடி கூடியிருந்தது. பார்ட்டிவாரியான நூல் வரவு ரிஜிஸ்டரை எழுத்தில் கேட்டேன், வரவில்லை. கிலோ கணக்கைச் சரிபார்க்கப் போன ஆர்டிகிள் பையன்களை குடோன் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் எம்.டி. கூப்பிட்டு, “நீங்களே ராஜினாமா கொடுத்துடுங்க சார், ரெண்டு பேருக்கும் மரியாதை” என்றார். ஏன் அப்படிக் கேட்டார் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தவணை முடியும் முன் ஆடிட்டரை நீக்க வேண்டுமானால் கம்பெனிகள் சட்டம் 140-வது பிரிவின்படி முதலில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அதன்பின் சிறப்புத் தீர்மானம். ஆடிட்டர் தரப்பையும் கேட்டாக வேண்டும். ராஜினாமா என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. காரணத்தையும் அவர்களே டைப் செய்து வைத்திருந்தார்கள்: ‘மற்ற பணிச்சுமை.’ அதை வாங்கிக்கொள்ளவில்லை. வெளியார் சரக்கு இருப்பில் சேர்ந்திருப்பதாகக் கருதுகிறேன், கேட்ட ஆதாரம் தரப்படவில்லை என்று என் வார்த்தைகளில் ஏடிடி-3 தாக்கல் செய்தேன்.

அடுத்த ஆடிட்டரின் கடிதம் ஆகஸ்டில் வந்தது. முந்தைய ஆடிட்டருக்கு எழுத்தில் தெரிவிக்காமல் பொறுப்பேற்றால் அது சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்களுக்கான 1949-ஆம் வருஷச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி தொழில்முறைத் தவறு. அதனால் எல்லோரும் எழுதுவார்கள். விலகிய நமக்கு இருக்கும் கட்டு வேறு. வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் அவர் விஷயத்தை வெளியே சொன்னால் இரண்டாம் அட்டவணை நம்மைப் பிடிக்கும். அதனால்தான் பதிவாளரிடம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த ஏடிடி-3-ஐ மட்டும் சுட்டினேன். அதில் இருப்பதற்கு மேல் ஒரு சொல்கூட எனக்குச் சொந்தமில்லை.

ஃபீஸ் பாக்கியையும் எழுதவில்லை. மறுப்பில்லாத ஆடிட் ஃபீஸ் நிலுவையில் இருந்தால் புதியவர் பொறுப்பேற்கக்கூடாது என்பது இன்ஸ்டிட்யூட் விதி. “அதை எழுதுங்க சார், பணமாவது வரும்” என்றார் என் பார்ட்னர். எழுதியிருந்தால் மறுநாளே செக் வந்திருக்கும், ஆட்சேபணையும் தீர்ந்துபோயிருக்கும். சரக்கு விவகாரம் ஃபீஸ் சண்டையாகச் சுருங்கிவிடக் கூடாது என்று நினைத்தேன். இதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

சந்தேகமெல்லாம் அந்த ஃபோன் பேச்சில்தான். என் பதில் கிடைத்ததும் புதிய ஆடிட்டர் கூப்பிட்டார். என்னைவிட ரொம்பச் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார்.

“லெட்டர் வந்துச்சு சார். அப்ப ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்கலாமா?”

“அப்படி எடுத்துக்க வேண்டாம் தம்பி. ஏடிடி-3 படிச்சீங்களா?”

“இன்னும் டவுன்லோட் பண்ணல சார். ஸ்டாக் விஷயம்னு அவங்க சொன்னாங்க. வேல்யூவேஷன்ல கருத்து வேறுபாடுன்னாங்க.”

வேல்யூவேஷன் இல்லை. மதிப்பு எவ்வளவு என்பதல்ல கேள்வி, சரக்கு யாருடையது என்பது. இதைச் சொல்ல வாய் வரை வந்தது. “படிச்சுப் பாருங்க, அப்புறம் அவங்ககிட்ட சம்மதக் கடிதம் வாங்கிட்டு ஆபீஸுக்கு வாங்க, ஃபைலை உங்க முன்னாடி வெக்கறேன்” என்று நிறுத்திக்கொண்டேன். சம்மதக் கடிதம் வரவில்லை. சம்மதம் மறுக்கப்படுவதே ஒரு பதில்தான், அதைப் புரிந்துகொண்டு அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை, பொறுப்பேற்றார்.

‘வேல்யூவேஷன் இல்லை’ என்று சொல்லியிருந்தால் ரகசியம் மீறியதாகுமா? ஏடிடி-3-ல் எழுதியதைத்தானே வாயால் சொல்லியிருப்பேன்? இப்போது யோசித்தால் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. அடுத்த நிமிடமே, படிவத்தைப் படிக்காமல் கேட்டவருக்கு வாய்வார்த்தை எந்த அளவுக்கு உதவியிருக்கும் என்றும் தோன்றுகிறது. நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் அந்த ஃபோனுக்கு ஆதாரமும் கிடையாது.

கணக்கு தாக்கலானதும் கட்டணம் கட்டி எடுத்துப் பார்த்தேன். விலகிய ஆடிட்டர் எழுப்பிய விஷயங்களைக் கருத்தில் கொண்டோம் என்று காரோவின் 18-வது பத்தியில் எழுதியிருந்தார். பேங்க் அறிக்கை, திருத்தித் தாக்கல் செய்தபின், புத்தகத்தோடு ஒத்துப்போவதாகவும் இருந்தது. சரக்கு இருப்பு 5.20 கோடி. என் கணக்கும் இல்லை, அவர்கள் கணக்கும் இல்லை. அவர் கிலோ கிலோவாகப் பார்த்து உண்மையிலேயே வந்த தொகையா, நடுவில் பேசி முடித்த தொகையா, வெளியிலிருந்து தெரிய வழியில்லை. அவரைக் கேட்டால், கம்பெனி சம்மதம் இல்லாமல் சொல்லக்கூடாது என்பார். சரியான பதில்தான் அது.

பார்ட்னர் இப்போதும் சொல்வார், விலகாமல் இருந்து கருத்துக் கூற இயலவில்லை என்று அறிக்கை கொடுத்திருந்தால் பேங்க் அதைப் படித்திருக்கும் என்று. சட்டப்படி என்னை அவர்களால் சுலபமாக நீக்கியிருக்க முடியாது என்பதும் உண்மை. நிர்வாகமே ஆதாரத்தைத் தடுத்து, அதன் பாதிப்பு கணக்கு முழுக்கப் பரவினால் விலகலாம் என்று ஆடிட் தரநிலையான எஸ்ஏ 705 அனுமதிக்கிறது என்பதுதான் நான் அவருக்குச் சொல்லும் பதில். ஆனால் லோன் கொடுக்கும் பேங்க் ஆடிட் அறிக்கையைக் கேட்டு வாங்கும். ஏடிடி-3-ஐத் தேடிப் படிக்கும் பேங்க் அதிகாரி யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.