ஜி29 ஸ்டியரிங்கை அசெட்டோ கோர்சாவுக்கு செட் செய்த கதை

அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய கேமுக்காக லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங்கை மேசையில் மாட்டியதும், எல்லோரையும் போல எனக்கும் கை போனது, கார் தரும் விசையைக் கையில் உணர்த்தும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பக்கம்தான். ஆனால் கோணமும் பெடலும் சரியாக இல்லாமல் விசையைத் திருகுவது வீண்வேலை என்பதால் அதைக் கடைசிக்குத் தள்ளினேன்.

கோணத்தில் பெரிய வேலை இல்லை. ஜி29 மொத்தம் 900 டிகிரி சுற்றும். லாஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளிலும் 900, கேமிலும் 900 என வைத்தேன். மாஸ்டா எம்எக்ஸ்-5 கப் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கால் வட்டம் திருப்பினால் திரையில் தெரியும் ஸ்டியரிங்கும் கால் வட்டமே திரும்ப வேண்டும். கூடவோ குறையவோ திரும்பினால் இரண்டு இடத்திலும் எண் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

பெடலுக்கு ஒரு பழக்கம் உண்டு. இணைத்ததிலிருந்து எவ்வளவு ஆழம் மிதிபட்டதோ, அதையே முழு அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் மூன்று பெடலையும் ஒரு முறை அடிவரை மிதித்துவிட்டுத்தான் கேமைத் திறக்கிறேன். பிரேக்கில் மட்டும் உள்ளே ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. பாதிக்கு மேல் நன்றாக அழுத்த வேண்டும். அடியில் உருளை வைத்த மேசை நாற்காலி என்றால் அந்த நேரத்தில் ஆளே பின்னால் உருண்டுவிடுவார்! நாற்காலிக் கால்களைச் சுவரோடு முட்டவைத்த பிறகுதான் பிரேக் கணக்கு நிலையாக நின்றது. அப்புறம் கேமில் உள்ள Brake Gamma என்ற அமைப்பு. அதை 2 என வைத்தால் பாதி மிதிக்குக் கால்பங்கு பிரேக்தான் கிடைக்கும். லேசாகத் தொட்டாலே டயர் பூட்டிக்கொள்வது அதோடு நின்றது.

இனி விசை. இந்த ஸ்டியரிங் பல்சக்கரத்தால் ஓடுவது, மோட்டாரும் சிறியது. கேம் கேட்கும் விசை அதன் எல்லையைத் தாண்டினால் எல்லாம் ஒரே பலமாகத்தான் வரும். முன்டயர் பிடியை இழக்கும்போது கையில் தெரிய வேண்டிய தளர்வு தெரியாது. இதைக் கண்டுபிடிக்க Pedals என்ற ஆப்பைத் திரையில் வைத்தேன். அதில் விசைக்கான பட்டை உச்சத்தில் முட்டினால் சிவப்பாகும். மஜியோனே பந்தயத் தடத்தில், மொத்த விசையின் அளவான Gain 100-இல் நீண்ட வளைவு முழுவதும் சிவப்பு. படிப்படியாகக் குறைத்து, தடத்தின் ஓரத்துக் கர்ப் மீது ஏறும்போது மட்டும் ஒரு கணம் சிவக்கும் அளவில் நிறுத்தினேன். கை வலிப்பதும் குறைந்தது, அது தனி லாபம்.

மிச்சமிருந்தது ஸ்டியரிங் நடுநிலையில் இருந்த தொய்வு. மெல்லிய விசைக்கு மோட்டார் பல்சக்கரத்தை அசைக்கவே அசைக்காது. மெல்லிய விசையைத் தூக்கிக் கொடுக்கும் Minimum Force-ஐக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். நேர்ப்பாதையில் கையை விட்டால் ஸ்டியரிங் தானாக இடமும் வலமும் துடிக்கத் தொடங்கியது. அங்கிருந்து சற்றுக் கீழே இறக்கியதும் சரி.

காற்று காரைத் தரையோடு அதிகமாக அழுத்தும் ஃபார்முலா காருக்கு மாறினால் வேகமான வளைவில் பட்டை மறுபடி சிவக்கும். அப்போது பொது Gain-ஐத் தொடுவதில்லை. நம்பேடில் கழித்தல் பொத்தானைத் தட்டி அந்தக் காருக்கு மட்டும் குறைக்கிறேன்.