டிஃபரன்ஸ் அரேயும் என்னை நான்கு முறை கவிழ்த்த +1-உம்

லீட்கோட்டில் 1094-ஆம் கணக்கு, Car Pooling. காரில் எத்தனை சீட், எத்தனை பேர் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்று தந்து, எல்லோரையும் ஏற்றிப்போக முடியுமா என்று கேட்கும். நேற்று இரவு நான்காவது முறையும் Wrong Answer என்று முகத்தில் அடித்தது. மொத்தமே ஏழு வரி. ஏழு வரியில் அப்படி என்னதான் தப்பு ஒளிந்திருக்கும் என்று பதினொன்றரை மணி வரை திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். தப்பு ஒரே ஒரு `+1`.

அரே கணக்கு என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். லூப்புக்குள் லூப் போட்டு எண்களைக் கூட்டுவதில் என்ன சுவாரசியம்? எங்கள் ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் உட்காரும் மற்ற மூன்று பேரும் இதே ரகம்தான். ட்ரீ, கிராஃப் என்றால் நிமிர்வார்கள், அரே என்றால் டீ குடிக்கப் போய்விடுவார்கள். இன்டர்வியூவில் வருவதோ பெரும்பாலும் அரே. டிஃபரன்ஸ் அரே பழகியபிறகுதான் எனக்கு இந்தச் சலிப்பு கொஞ்சம் விட்டது, ஏனென்றால் இதில் உள் லூப் என்ற ஒன்றே இல்லை.

ப்ரிஃபிக்ஸ் சம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், வீட்டு மின் மீட்டர் மாதிரி. எந்த நாளில் எத்தனை யூனிட் என்று மீட்டர் தனித்தனியாக வைத்திருப்பதில்லை, மொத்தம்தான் ஓடிக்கொண்டிருக்கும். ரீடிங் எடுக்க வருபவர் இப்போதைய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழிக்கிறார், வேலை முடிந்தது. ஓடும் மொத்தத்தை `P` என்று வைத்தால், `l` முதல் `r` வரையிலான கூட்டுக்கு `P[r] - P[l-1]` என்பதும் அதேதான். பழைய ரீடிங் என்பது முதல் நாளுக்கு முந்தைய இரவு எடுத்தது, அதனால்தான் `l-1`. இங்கே `P[l]` என்று போட்டால் முதல் நாள் கரண்ட் இலவசம்.

டிஃபரன்ஸ் அரே இதன் மறுபக்கம். கேள்வி கேட்பது கடைசியில் ஒரே தடவை, ஆனால் "இங்கிருந்து அங்குவரை இவ்வளவு கூட்டு" என்ற கட்டளைகள் ஆயிரக்கணக்கில் வரும். ஒவ்வொரு இடமாகப் போய்க் கூட்டாமல், எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று இரண்டு இடத்தில் மட்டும் குறித்து வைக்கிறோம். 1109, Corporate Flight Bookings இதற்குச் சரியான கணக்கு. விமானங்கள் 20,000 வரை, பதிவுகளும் 20,000 வரை. லூப்புக்குள் லூப் என்றால் மோசமான நிலையில் 40 கோடி கூட்டல். குறித்து வைத்தால் பதிவுக்கு இரண்டு, அப்புறம் ஒரே ஓட்டம்.

```cpp
vector<long long> d(n + 2, 0);
for (auto &b : bookings) {
    d[b[0]] += b[2];
    d[b[1] + 1] -= b[2];
}
for (int i = 1; i <= n + 1; i++) d[i] += d[i - 1];
```

அங்கே கொடுத்திருக்கும் உதாரணத்தையே கையால் போட்டுப் பார்த்தேன். ஐந்து விமானங்கள். பதிவுகள் மூன்று: 1 முதல் 2 வரை 10 இருக்கை, 2 முதல் 3 வரை 20, 2 முதல் 5 வரை 25. குறித்தபின் `d` இப்படி இருக்கும்: 10, 45, -10, -20, 0, -25. இடமிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் 10, 55, 45, 25, 25, கடைசியில் 0. முதல் ஐந்தும் விடை. ஆறாவது இடத்தில் வரும் அந்த 0 கணக்கில் கேட்கப்படாதது, ஆனால் நான் அதையும் பார்ப்பேன். ஏறியது எல்லாம் இறங்கியிருந்தால் அங்கே பூஜ்யம்தான் வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு கழித்தல் விட்டுப்போயிருக்கிறது. அரேயின் அளவு `n + 2` என்று இருப்பதும் அந்த ஆறாவது இடத்துக்காகத்தான். `n + 1` போட்டால் C++ வாயைத் திறக்காது, எல்லைக்கு வெளியே எழுதிவிட்டு வேறெங்கோ கவிழ்க்கும்.

சரி, என் ஏழு வரிக்கு வருகிறேன். விமானக் கணக்கு எழுதின கையோடு அதே வரிகளைக் காரில் ஒட்டினேன். அங்கேதான் வினை. விமானக் கணக்கில் "2 முதல் 3 வரை" என்றால் 3-உம் சேர்த்தி, அதனால் இறக்கம் 4-இல். காரில் "1-இல் ஏறி 5-இல் இறங்குகிறார்" என்றால் 5-இல் சீட் காலி. அதே இடத்தில் இன்னொருவர் ஏறலாம். ஆகவே இறக்கம் 5-இலேயே, `+1` கிடையாது. பஸ்ஸில் இறங்குகிறவர் இறங்கிய பிறகுதானே நிற்கிறவர் உட்காருகிறார்! 1 முதல் 5 வரை இரண்டு பேர், 5 முதல் 7 வரை மூன்று பேர், காரில் மூன்று சீட் என்று வைத்துப் பாருங்கள். தாராளமாகப் போகலாம். என் நிரலோ 5-ஆவது இடத்தில் ஐந்து பேரை ஏற்றிவிட்டு முடியாது என்றது. கடைசிக் கூட்டல் பூஜ்யமாகவே வந்ததால் என் வழக்கமான சோதனையும் இதைப் பிடிக்கவில்லை.

இனிமேல் எழுதுமுன் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: கடைசி இடம் சேர்த்தியா, இல்லையா? எழுதியபின் இரண்டு சின்ன சோதனை. சேர்த்தி என்றால் தொடக்கமும் முடிவும் ஒரே இடமாக, `3 3 10` மாதிரி ஒன்றைக் கொடுப்பேன். `+1` விட்டிருந்தால் கூட்டலும் கழித்தலும் ஒரே பெட்டியில் விழுந்து பத்தும் மாயமாகிவிடும். சேர்த்தி இல்லை என்றால் ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும்படி இரண்டைக் கொடுப்பேன். இந்த இரண்டாவதை முதலிலேயே போட்டிருந்தால் பத்து மணிக்குத் தூங்கியிருப்பேன்.

பழகிவிட்டது என்று நினைப்பவர்கள் கோட்ஃபோர்சஸ் 295A, Greg and Array போட்டுப் பாருங்கள். அதில் கட்டளை நேராக அரேயைத் தொடாது. "முதல் கட்டளையிலிருந்து மூன்றாம் கட்டளை வரை எல்லாவற்றையும் ஒரு தடவை செய்" என்று கட்டளைக்கே ஒரு கட்டளை. ஆக டிஃபரன்ஸ் அரே இரண்டு அடுக்கு. முதல் அடுக்கில் ஒவ்வொரு கட்டளையும் எத்தனை தடவை என்று எண்ண வேண்டும், அந்த எண்ணிக்கையால் பெருக்கி இரண்டாம் அடுக்கில் குறிக்க வேண்டும். அவர்கள் தரும் உதாரணத்தில் மூன்று கட்டளைகளும் முறையே 2, 3, 2 தடவை வரும். 1, 2, 3 என்ற அரே 9, 18, 17 ஆகும். இங்கே `int` வைத்தவர்கள் அழுவார்கள். ஒரு லட்சம் கட்டளை, ஒவ்வொன்றும் ஒரு லட்சம் தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு லட்சம் கூட்டினால் ஒரே பெட்டியில் 10^15. `int` தாங்குவது சுமார் 214 கோடி.

கட்டளைக்கு நடுநடுவே கேள்வியும் வந்தால் இந்த வித்தை செல்லாது. ஒவ்வொரு கேள்விக்கும் முதலிலிருந்து கூட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கும். அதற்கு ஃபென்விக் ட்ரீ. அடுத்த மாதம் அதைத் தொடலாம் என்றிருக்கிறேன், CSES தளத்தில் அந்த வரிசைக் கணக்குகள் நன்றாக இருக்கின்றன.

ஆனால் கை சும்மா இருக்காமல் லீட்கோட் 2536-ஐ இன்று காலை திறந்துவிட்டேன். இதே விஷயம் கட்டம் கட்டமாக, ஒரு செவ்வகம் முழுக்க ஒன்றைக் கூட்ட வேண்டும். மேல் இடது மூலையில் `+1`, வலது ஓரம் தாண்டி `-1`, கீழ் ஓரம் தாண்டி `-1`. உதாரணத்தை ஓட்டினால் கீழ் வலது மூலையில் 1 வரவேண்டிய இடத்தில் 0 வந்தது. இரண்டு முறை கழித்ததை ஒரு முறை திருப்பிக் கொடுக்க நாலாவது மூலையில் ஒரு `+1` வேண்டுமாம். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, சாயங்காலம் வந்து போட வேண்டும்.